கடைசியாக ஏறியவர்

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்ட்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. தான் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்ட்டையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார், கூலி வாங்காமல். கூலி வாங்காத வேலை என்பதாலோ என்னவோ, அதிகாரம் மட்டும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

லிப்ட்டுக்குள் ஒரு தகடு ஒட்டியிருக்கிறது: ஆறு பேர், இத்தனை கிலோ என்று. அதற்கு மேல் எடை ஏறினால் லிப்ட் தரைக்கடியில் இருக்கும் கருவி கண்டுபிடித்துவிடும். பீப் பீப் என்று கத்தும், கதவு மூடாது. யாராவது இறங்கும்வரை அது ஒரு அடி நகராது. "மனுஷனை நம்ப முடியாதுங்க, அதனாலதான் மெஷினுக்கே புத்தி வெச்சிருக்கு" என்று அவர் பெருமையாகச் சொல்வார், ஏதோ அந்தப் புத்தியைத் தானே பெற்று வளர்த்ததுபோல.

இவ்வளவு பேசுகிறவர் காலையில் ஸ்கூட்டர் எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும்.

அவருக்கு இரட்டைப் பெண்கள், ஏழு வயது. ஒருத்தி வாயாடி, தூக்கத்தில்கூடப் பேசுவாள். இன்னொருத்தி அழுத்தக்காரி, பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையசைப்பாள். அவர்கள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பெரும்பாலும் விடியற்கால ஷிப்ட். ஆகவே இருவரையும் பள்ளிக்கூடத்தில் விடுவது அப்பாவின் பொறுப்பு. ஒரு ஸ்கூட்டர், மூன்று பேர். ஒருத்தி பின்சீட்டில். இன்னொருத்தி முன்னால், அவர் கால்களுக்கு நடுவே, கைப்பிடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

முன்னால் நிற்கும் இடத்துக்குத்தான் கிராக்கி. காற்று முகத்தில் அடிக்கும், ஹாரனை அழுத்தலாம், ஊரே தெரியும். ஒரு நாள் இவள், மறுநாள் அவள் என்று முறை வைத்து, அதற்கும் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். பின்னால் உட்காருகிறவளுக்கு ஹெல்மெட் உண்டு. முன்னால் நிற்கிறவளுக்கு இல்லை. போட்டுவிட்டால் அது சரியாக அப்பாவின் மோவாயில் வந்து இடிக்கும், ரோடும் மறைக்கும். அதனால் போடுவதில்லை. ஹெல்மெட் போட முடியாத இடத்தில் பிள்ளையை நிறுத்தக் கூடாது என்று அவருக்குத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் வேடிக்கை.

மனைவி சொல்லாமல் இல்லை. "ஆறு பேர் லிப்ட்ல ஏழாவது ஆள் ஏறினா அந்தக் குதி குதிக்கிறீங்க. வண்டியில மட்டும் கணக்கு வராதா?"

"ரெண்டும் சேர்ந்து ஒரு பெரிய ஆள் வெயிட்டுகூட இல்ல. வண்டி தாங்கும்."

"வண்டி தாங்கும். நான் தாங்கணுமே" என்றாள் அவள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்சீட்டு வாண்டு மட்டும் தினமும் வண்டி கிளம்பும்போது "பீப் பீப், ஓவர்லோட்" என்று கத்தும். அப்பாவோடு லிப்ட் அறைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள். அவரும் சிரிப்பார். மெஷினுக்கு இருக்கும் புத்தி வீட்டுப் பிள்ளைக்கும் இருக்கிறது என்று அன்றைக்கே உறைத்திருக்கலாம்.

இனி நாலாம் மாடி அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் மேலாளர். தனியாள். சொந்த ஸ்கூட்டர், அளவான பேச்சு, தலைமுடியில்கூட ஒரு ஒழுங்கு. சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் இரண்டு கையிலும் மளிகைப் பைகளோடு லிப்ட்டில் ஏறினார். பீப் அடித்தது. உள்ளே நம் மெக்கானிக்கும் இருந்தார்.

"கடைசியா ஏறினவங்க இறங்கணும்" என்றார்.

"பை கனமா இருக்குங்க. யாராவது ஒரு மாடி ஏறுறவங்க..."

"அப்படிப் பார்த்தா ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும் மேடம். கடைசியா ஏறினவங்க இறங்கணும். ரூல்னா ரூல்."

எல்லார் முன்னாலும். அந்த அம்மாள் இறங்கினார், நாலு மாடியும் படியேறினார். அன்றிலிருந்து இவரைக் கண்டால் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இவரும் "நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று மனைவியிடம் கேட்டு, மனைவியும் அதே மாதிரி சுவரைப் பார்த்ததால், விஷயத்தை விட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்கு மீன் காட்சியகத்துக்குச் சுற்றுலா. பள்ளி வாசலிலிருந்து பஸ். யாருக்காகவும் நிற்காது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பல நாளாக வீட்டில் சுறாவும் ஆமையும்தான் பேச்சு. அழுத்தக்காரியே வாயைத் திறந்து, "ஆமை தூங்குமா?" என்று கேட்டுவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் முறை வாயாடியுடையது. ஷூ ஒன்று காணாமல் போய், கட்டிலுக்கடியில் கிடைத்து, எல்லாம் வழக்கம்போல் தாமதம். வண்டியைக் கொஞ்சம் விரட்டினார்.

பெரிய சந்திப்பில் புதிதாக ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரம்மா நின்றிருந்தார். விசில் அடித்து, கையை நீட்டி, வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"எத்தனை பேர் சார் வண்டியில?"

"குழந்தைங்க மேடம். ஸ்கூலுக்கு..."

"நான் வயசு கேக்கல. எத்தனை பேர்?"

"மூணு பேர்" என்று வாயாடி முந்திக்கொண்டு சொன்னாள். பின்சீட்டிலிருந்து அழுத்தக்காரி மெதுவாக, "பீப் பீப்" என்றாள்.

போலீஸ்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஆனால் குரல் இளகவில்லை. "ஓட்டுறவரைத் தவிர ஒருத்தர்தான். சின்னப் பிள்ளையும் ஒரு ஆள்தான் சார். அதுவும் பின்சீட்ல, ரெண்டு பக்கமும் கால் போட்டு, கால் ஃபுட்ரெஸ்ட்ல படணும். முன்னால நிறுத்தக் கூடாது. இதோ, இந்தப் பாப்பாவுக்கு ஹெல்மெட் எங்க?"

"போட்டா என் தாடையில இடிக்குது மேடம்."

"அப்போ பிரேக் அடிச்சா இவ தலை எதுல இடிக்கும்?"

 அபராதம் உங்க பேருக்கு வரும் என்று சொல்லிப் போலீஸ்காரம்மா வண்டி எண்ணைப் படம் பிடித்தார். அது போகட்டும். அடுத்து அவர் சொன்னதுதான் தலையில் இடியாக விழுந்தது: "ஒருத்தரோட கிளம்புங்க. இன்னொருத்தரை அடுத்த நடையில கூட்டிட்டுப் போங்க."

"அதுக்குள்ள பஸ் போயிடும் மேடம். ஒருத்திய மட்டும் அனுப்பிட்டு ஒருத்திய எப்படி விடுவேன்? ரெட்டைப் பிள்ளைங்க மேடம். சேர்ந்தே பொறந்தாங்க, நான் என்ன பண்றது?"

"சேர்ந்து பொறந்ததுக்கு வாழ்த்துகள். வண்டிக்கு அது தெரியாது."

ஆட்டோ ஒன்றும் காலியாக வரவில்லை. பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் இறங்குவது என்று அப்பா முடிவு செய்யப் போகிறார் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வாயாடி வாய் திறக்கவில்லை.  அழுத்தக்காரி சத்தமில்லாமல் வண்டியிலிருந்து இறங்கி, "அவ போகட்டும். நான் ஆமை அப்புறமா பாத்துக்கறேன்" என்றாள். பெற்ற மனசு அந்த இடத்திலேயே சுக்குநூறாயிற்று.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. வந்து நின்ற வண்டிகளின் முதல் வரிசையில், கையுறையும் ஹெல்மெட்டுமாக, நாலாம் மாடி அம்மாள். பின்சீட்டு காலி. வண்டியின் பக்கவாட்டுக் கொக்கியில் ஒரு குட்டி ஹெல்மெட் தொங்கியது. தங்கை மகள் வார இறுதியில் வருவாள், அவளுக்காக வைத்திருப்பது என்று பிறகு தெரிந்தது. அவருடைய கடையும் பள்ளிக்கூடமும் ஒரே சாலையில்தான்.

அவர் இவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வழக்கமான சுவரைப் பார்த்தார்.

மெக்கானிக்குக் காது சூடாயிற்று. அந்த அம்மாளிடம் போயா கேட்பது? அன்றைக்குப் பைகளோடு படியேற விட்ட வாயால் எந்த முகத்தோடு உதவி என்று சொல்வது? ஆனால் சிக்னல் மாறினால் அந்தக் காலிச் சீட்டு போய்விடும். மானம், மரியாதை எல்லாவற்றையும் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினார்.

"மேடம். ஒரு உதவி. ஒரு பிள்ளையை மட்டும் ஸ்கூல் வரைக்கும்... இன்னைக்கு டூர். பஸ் போயிடும். ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே வண்டியில ஏத்தக் கூடாதாம்."

நாலாம் மாடி அம்மாள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். வண்டியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்தார்.

"கடைசியா ஏறினவங்க யாரு?" என்றார்.

அவர் தலைகுனிந்தார். அது நியாயமான அடி. வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

"நான்தான் ஆன்ட்டி!" என்று வாயாடி கையைத் தூக்கினாள்.

"அப்போ நீ என்கூட வா" என்று அந்த அம்மாள் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

 குட்டி ஹெல்மெட்டை வாயாடிக்கு மாட்டி, மோவாய்க்கடியில் வாரைப் பூட்டி, இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்த்தார். கால் இரண்டும் ஃபுட்ரெஸ்ட்டில் பதிகிறதா என்று குனிந்து பார்த்தார். "ரெண்டு கையாலயும் என் இடுப்பைப் பிடி. பேசலாம். ஆனா கையைக் காட்டிப் பேசக் கூடாது" என்றார். வாயாடிக்கு அது ஆயுள் தண்டனை மாதிரி. இருந்தாலும் ஒத்துக்கொண்டாள்.

பிறகு சீட்டைத் திறந்து, கொக்கி வைத்த ஒரு அகலமான பெல்ட்டை எடுத்தார். ஓட்டுபவரும் பிள்ளையும் சேர்ந்து மாட்டிக்கொள்வது. அதை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"இதை நீங்க போடுங்க."

"உங்களுக்கு மேடம்?"

"என் வண்டிக்குப் பின்னால சாய்மானம் இருக்கு. உங்க வண்டிக்குப் பின்னால என்ன இருக்கு? காத்துதான் இருக்கு."

போலீஸ்காரம்மாவும் வந்து அழுத்தக்காரிக்கு பெல்ட் மாட்ட ஒரு கை கொடுத்தார். "இப்போ சரி. மெதுவா போங்க, பஸ் நிக்கும்" என்றார். பஸ் நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சொன்னார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு பெரிய நன்றி சொன்னாலும் தகும்.

இரண்டு வண்டிகளும் கிளம்பின. நாலாம் மாடி அம்மாள் முன்னால், இவர் பின்னால். வழக்கமாகப் பிள்ளை நிற்கும் இடத்தில் இன்று வாயாடியின் புத்தகப் பை நின்றது, பக்கப் பையில் தண்ணீர் பாட்டில் துருத்திக்கொண்டு. முன்னால் யாருமில்லாமல் ரோடு முழுதாகத் தெரிந்தது. கைப்பிடி லேசாகத் திரும்பியது. இத்தனை நாள் எவ்வளவு அரைகுறையாகப் பார்த்து ஓட்டியிருக்கிறோம் என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

கடைவீதி தாண்டும் இடத்தில், முன்னால் போனவர் ஒரு நிறுத்தி வைத்த காரைக் கடந்தார். இவர் அதன் பக்கம் வருவதற்குள், அந்தக் காரின் கதவு படீரென்று திறந்தது. யோசிக்க நேரமில்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்தினார். வண்டி குலுங்கி, கீச்சிட்டு, கதவுக்குக் கையகலத் தூரத்தில் நின்றது. அவர் உடம்பு முழுதும் முன்னால் சரிந்து, நெஞ்சு போய்க் கைப்பிடியின் நடுவில் அழுந்தியது. முதுகில் டொக் என்று ஒரு ஹெல்மெட் இடித்தது. பையிலிருந்த பாட்டில் முன் தகட்டில் மோதி, நெடுகப் பிளந்து, தண்ணீர் முழுதும் அவர் ஷூவுக்குள் இறங்கியது.

"குட்டி!"

"ம்" என்றாள் அழுத்தக்காரி பின்னாலிருந்து. பெல்ட் அவளை அவர் முதுகோடு பிடித்து வைத்திருந்தது. "அப்பா, நான் விழல."

கார்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மெக்கானிக் அவரைத் திட்டவில்லை. திட்டும் தெம்பு இல்லை. நெஞ்சு அழுந்தியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வாயாடியின் தலை இருக்கும் இடம். தினமும் எண்ணெய் தடவிப் பின்னிய அந்தத் தலை. அவருடைய எடை முழுதும், பின்சீட்டுப் பிள்ளையின் எடையும் சேர்ந்து, கைப்பிடிக்கும் தனக்கும் நடுவே அதை நசுக்கியிருக்கும். வண்டி தாங்கும் என்று சொன்னாரே, வண்டி தாங்கியது. ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு நடையைவிடக் கொஞ்சமே வேகமாக ஓட்டிப் போனார்.

பஸ் நின்றிருந்தது. யாரோ ஒரு பையன் டிபன் டப்பாவை மறந்துவிட்டு அழுததில் தாமதமாம். வாயாடி அதற்குள் வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஆன்ட்டி வண்டியில சாய்ஞ்சுக்கலாம்! நான் கையைக் காட்டவே இல்ல, தெரியுமா!" அவளை இழுத்து அணைத்து, அந்தத் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டார். "அப்பா, பின்னல் கலையுது" என்று அவள் திமிறினாள். கலையட்டும்.

இருவரும் கைகோத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஜன்னல் வழியாக இரண்டு கைகள் ஆடின.

நாலாம் மாடி அம்மாள் அவர் காலைப் பார்த்து, "ஷூ ஏன் ஈரம்?" என்றார்.

இவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.  "அவ இன்னைக்கு முன்னால நிக்க வேண்டியது அக்கா. அவ முறை. நீங்க இல்லேன்னா... நீங்க அந்த பெல்ட்டும் குடுக்கலேன்னா..." மேடம் எப்போது அக்கா ஆனார் என்று இருவருமே கவனிக்கவில்லை.

அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு லிப்ட்ல நான் பண்ணது..." என்று இவர் இழுத்தார்.

"ரூல் சரிதான்" என்றார் அந்த அம்மாள். "சொன்ன விதம்தான் சரியில்ல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன். பின்னால சும்மாதான் இருக்கு. நாளைக்கு யார் முறைன்னு பிள்ளைங்களையே முடிவு பண்ணச் சொல்லுங்க. சாயங்காலம்தான் எனக்கு நேரமாகும், அதுக்கு நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

சாயங்காலம் மனைவி பிள்ளைகளை ஆட்டோவில் கூட்டிவந்தாள். அவர் போன் செய்து ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை, கீழே கூடத்தில் எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குத் திட்டே தேவலை என்றிருந்தது அவருக்கு.

நாலு பேரும் லிப்ட்டில் ஏறினார்கள், ஐந்தாம் மாடிக்கு. கூடவே இரண்டாம் மாடித் தம்பதி, ஆளுக்கொரு பெட்டியோடு. கதவு மூடப் போகும் நேரத்தில் நாலாம் மாடி அம்மாள் வந்தார், இரண்டு கையிலும் மளிகைப் பைகள். ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே கால் வைத்தார்.

பீப் பீப் பீப்.

 எல்லாரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். கட்டடத்துக்கே அந்த வாசகம் மனப்பாடம். நாலாம் மாடி அம்மாள் திரும்பி இறங்கப் போனார்.

அதற்குள் மெக்கானிக் பெண்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே புகுந்து வெளியே வந்து நின்றார்.

"அப்பா, நீங்க முதல்ல ஏறினீங்க!" என்றாள் வாயாடி. "கடைசியா ஏறினவங்கதானே இறங்கணும்? நீங்கதானே சொன்னீங்க!"

"அதிகமா இருந்தா ஒருத்தர் இறங்கணும். அதுதான் ரூல்" என்றார் அவர். "யார்னு ரூல்ல இல்லடா. அது நானா சேர்த்தது."

சொல்லிவிட்டு, அந்த அம்மாளின் கையிலிருந்து இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டார். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அழுத்தக்காரி அவர் காலிக் கையைப் பிடித்துக்கொண்டதும் சொல்லவில்லை. பீப் நின்றது. கதவு மெதுவாக மூடியது.

அவர் படியேறினார். இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது, பையின் காது விரல்களை அறுத்தது. இவ்வளவு கனமா என்று நினைத்துக்கொண்டார். மேலே நாலாம் மாடியில் லிப்ட் கதவு திறக்கும் சத்தமும், வாயாடி ஆமையைப் பற்றி அந்த அம்மாளிடம் விடாமல் பேசுவதும் கேட்டது. இரண்டு பிள்ளைகளின் குரலும் கேட்டது. பைகளைக் கீழே வைக்காமல் நின்று, அந்தக் குரல்களைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மிச்சப் படிகளையும் ஏறினார்.